பீரோவில் தூங்கிய செல்கள்: மாதக்கணக்கில் வைத்த லித்தியம் செல்லை எடுத்ததும் என்ன பார்ப்பது?

போன ஐப்பசியில் பதினாறு 18650 உருளை லித்தியம் செல்கள் வாங்கினேன். எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை, ஒவ்வொன்றிலும் 2600 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தது. வாங்கிய வாரமே எல்லாவற்றையும் முழுக்க ஏற்றி அரை ஆம்பியரில் இறக்கிப் பார்த்தேன். 2570ஐ ஒட்டியே எல்லாம் நின்றன. பன்னிரண்டு செல்களை ஏறத்தாழ நாற்பது சதவீதத்தில், அதாவது 3.69 வோல்ட்டில் நிறுத்தி, பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, உள்ளறை பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். மீதி நான்கையும் அண்ணன் மகன் எடுத்துக்கொண்டான். "கரண்ட் போனா உடனே எடுத்துப் போட்டுக்கலாம் சித்தப்பா" என்று முழுக்க ஏற்றி, துணிப்பையில் சுருட்டிப் பரணில் வைத்தான். பரணுக்கு மேலே மொட்டை மாடி.

ஆடியில் எல்லாவற்றையும் இறக்கினோம். நடுவில் ஒன்பது மாதம், அதில் ஒரு முழு கோடை. பீரோ டப்பாவில் பத்து செல்கள் 3.67, ஒன்று 3.61, ஒன்று 3.38. பரண் பையில் இருந்த நான்கும் 4.09.

"பாத்தீங்களா, உங்களுது இறங்கிருச்சு, என்னுது அப்படியே இருக்கு" என்றான்.

பதினாறில் மோசமாகிப்போனவை அந்த நான்குதான். மல்டிமீட்டர் அதைச் சொல்லாது. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிகுறி வாரியாகப் பார்க்கலாம். இங்கே சொல்வதெல்லாம் 4.2 வோல்ட் வரை ஏறும் சாதாரண லித்தியம் அயான் செல்லுக்கு. இரும்பு பாஸ்பேட் செல்லுக்குக் கணக்கு வேறு, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

மீட்டரை வைக்கும் முன்

செல்லை எடுத்த உடனே சார்ஜரில் சொருகாதீர்கள். சொருகிவிட்டால் அது எந்த வோல்ட்டில் தூங்கிக்கொண்டிருந்தது என்ற ஒரே சாட்சியும் போய்விடும். முதலில் கண்ணால் பாருங்கள், பிறகு மூக்கால். பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா, நேர்முனைத் தொப்பியைச் சுற்றி ஈரமோ துருவோ இருக்கிறதா, நகப்பாலிஷ் மாதிரி தித்திப்பான வாசனை வருகிறதா? வாசனை வந்தால் உள்ளே இருக்கும் திரவம் கசிகிறது. அந்த செல்லை அளக்கவே வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள் அருகில் இல்லாமல் வையுங்கள். தட்டையான பை வடிவ செல் உப்பியிருந்தாலும் அப்படியே செய்யுங்கள். காற்றை வெளியேற்றுகிறேன் என்று யாராவது ஊசியை எடுத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

உறை மட்டும் கிழிந்திருந்தால் செல் நல்ல செல்தான், ஆனால் அப்படியே பயன்படுத்தக் கூடாது. 18650இல் அடிப்பாகம் மட்டுமல்ல, உடம்பு முழுக்கவே எதிர்முனை. நேர்முனைத் தொப்பிக்கும் அந்த உடம்பின் விளிம்புக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளிதான், அதை மறைப்பது ஒரு காகித வளையமும் இந்த உறையும். புது உறை சில ரூபாய்தான். மாட்டி, சூடுகாற்றில் சுருக்கிவிட்டு மேலே போகலாம்.

அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளந்து, எண்ணை செல்லின் மேலேயே மார்க்கரில் தேதியோடு எழுதுங்கள். இருநூறு ரூபாய் மீட்டர் 3.67 என்று இரண்டு தசமத்தோடு நின்றுவிடும். முதல் பார்வைக்கு அது போதும். கீழே வரும் பதினான்கு நாள் சோதனைக்கு 3.672 என்று மூன்று தசமம் காட்டும் மீட்டர் வேண்டும்.

அறிகுறி: எல்லா செல்களும் ஒரே அளவு கொஞ்சம் இறங்கியிருக்கின்றன

பீரோவில் இருந்த பத்தும் இந்த வகை. 3.69இலிருந்து 3.67. இந்தப் பகுதியில் ஒரு சதவீத சார்ஜுக்கு ஏறத்தாழ 7 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிவோல்ட் என்பது மூன்று சதவீதம். ஒன்பது மாதத்துக்கு இது நல்ல செல்லின் நடத்தை. கவலைப்பட ஒன்றுமில்லை.

இவற்றை முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்ததில் 2490 கிடைத்தது. 80 எம்ஏஎச் போயிருக்கிறது, மூன்று சதவீதம். இது திரும்ப வராது. சும்மா வைத்திருந்தாலும் செல் வயதாகும். அந்த வயது எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத்தான் நாம் வைக்கும் விதம் தீர்மானிக்கிறது.

அறிகுறி: வோல்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

அண்ணன் மகனின் நான்கு செல்கள் இவை. 4.09 வோல்ட் என்றால் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எதில் தொண்ணூறு? வோல்ட் என்பது குடத்தில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று மட்டும் சொல்லும். குடமே சிறுத்துப்போனதைச் சொல்லாது. முழுக்க ஏற்றி அரை ஆம்பியரில் இறக்கினோம். 2040 வந்தது. ஐந்தில் ஒரு பங்கு காணவில்லை. அவன் ரொம்ப நேரம் சார்ஜர்தான் தவறாகக் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பீரோ செல்லை அதே இடத்தில் போட்டு 2490 வந்த பிறகுதான் அமைதியானான்.

உள்ளே நடந்தது இதுதான். எதிர்முனை கிராஃபைட்டால் ஆனது. அதன் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும், செல்லை முதல் தடவை ஏற்றும்போதே உருவாவது அது. கிராஃபைட்டும் திரவமும் நேரடியாகத் தொடாமல் பார்த்துக்கொள்வது அந்தப் படலம்தான். ஆனால் அது வளர்ந்துகொண்டே போகும், வளர வளர செல்லில் இருக்கும் லித்தியத்தைத் தின்னும். தின்ற லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. கிராஃபைட்டில் லித்தியம் நிறைய ஏறியிருந்தால், அதாவது செல் முழு சார்ஜில் இருந்தால், திரவத்தைச் சிதைக்கும் வேகம் கூடுகிறது. நேர்முனைப் பக்கமும் உயர்ந்த வோல்ட்டில் இதுபோன்ற சிதைவு நடக்கிறது. இதன் மேல் சூடும் சேர்ந்தால் எல்லாமே வேகம் பிடிக்கும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பட்டறைக் கணக்கு. துல்லியமில்லை, ஆனால் ஏமாற்றாது.

இந்தத் துறையில் பரவலாகச் சுற்றும் ஓர் அட்டவணை உண்டு, பழைய கோபால்ட் வகை செல்லுக்கானது. நாற்பது சதவீதத்தில் ஒரு வருடம் வைத்தால் 25 டிகிரியில் மிஞ்சுவது 96 சதவீதம், 40 டிகிரியில் 85. முழு சார்ஜில் வைத்தால் 25 டிகிரியில் 80, 40 டிகிரியில் 65. இன்றைய செல்கள் இதைவிடக் கொஞ்சம் தேவலாம். ஆனாலும் நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாற்பது டிகிரியில் பாதி சார்ஜோடு இருந்த செல், இருபத்தைந்து டிகிரியில் முழு சார்ஜோடு இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. வீட்டைக் குளிர வைக்க முடியாதவருக்கு இது நல்ல செய்தி. சூட்டை முழுக்க நம்மால் தடுக்க முடியாது, சார்ஜை இறக்கி வைப்பது நம் கையில் இருக்கிறது.

எவ்வளவு இறக்குவது? கிராஃபைட்டில் இந்தச் சிதைவு சீராக ஏறும் சரிவு அல்ல, படிக்கட்டு மாதிரி. ஐம்பது, அறுபது சதவீதத்துக்கு மேல் ஒரு படி ஏறும். அதனால் 3.60இல் வைப்பதா 3.70இல் வைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை, 3.70க்கும் 3.95க்கும் வித்தியாசம் நிறைய. இன்னும் கீழே, இருபது சதவீதத்தில் வைத்தால் வயது ஏறுவது அதே அளவுதான் அல்லது இன்னும் குறைவு. ஆனால் தானாக இறங்கும் செல் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டால் அதற்குக் கீழே மெத்தை இல்லை. முப்பதிலிருந்து ஐம்பது என்று எல்லோரும் சொல்வது இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நிற்கும் எண். விமானத்தில் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் செல்கள் முப்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜோடு இருக்கக் கூடாது என்று 2016 ஏப்ரல் 1 முதல் சர்வதேச விதி இருக்கிறது. அது ஆயுளுக்காக வந்த விதி அல்ல, தீ விபத்துக்காக வந்தது. ஆனால் புதுச் செல் வாங்கும்போது 3.5, 3.6 வோல்ட்டில் வருவதைப் பார்த்து "பழசைத் தலையில கட்டிட்டான்" என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

2040 வந்த செல்லை மீட்க வழி உண்டா? முழுக்க இல்லை. கொஞ்சம் திரும்ப வரலாம். எதிர்முனைத் தகடு நேர்முனைத் தகட்டைவிடச் சற்று அகலமாக வெட்டப்பட்டிருக்கும். முழு சார்ஜில் மாதக்கணக்கில் கிடக்கும்போது எதிரே ஜோடி இல்லாத அந்த ஓரத்துக்கும் லித்தியம் மெல்ல ஊர்ந்து போய் உட்கார்ந்துகொள்ளும். அது நிஜமான இழப்பு அல்ல. செல்லைக் குறைந்த சார்ஜில் சில வாரம் விட்டால் ஒரு பகுதி ஊர்ந்து திரும்பி வரும். நான் நான்கையும் 3.5 வோல்ட்டில் ஒரு மாதம் விட்டு மறுபடி பார்த்தேன். 2075 வந்தது. அவ்வளவுதான். டார்ச்சுக்குப் போதும் என்று அவனிடமே கொடுத்துவிட்டேன்.

அறிகுறி: கூட்டத்தில் ஒன்று மட்டும் இறங்கியிருக்கிறது

இதில்தான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். ஒன்று நல்ல செல்லைக் குப்பையில் போடுவார்கள், அல்லது கெட்ட செல்லைப் பேக்கில் வைத்து வெல்டிங் அடிப்பார்கள். என் டப்பாவில் இரண்டு செல்கள் இப்படி இருந்தன. ஒன்று குற்றவாளி, ஒன்று நிரபராதி.

3.38 செல்லை எடுத்துக்கொள்வோம். நாற்பது சதவீதத்திலிருந்து ஐந்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. முப்பத்தைந்து சதவீதம் என்றால் ஏறத்தாழ 900 எம்ஏஎச். ஒன்பது மாதத்தை மணிக்கணக்கில் மாற்றி வகுத்தால்:

```
270 × 24 = 6480 h
900 mAh ÷ 6480 h ≈ 0.139 mA ≈ 140 µA
```

இரவும் பகலும் 140 மைக்ரோ ஆம்பியர் செல்லுக்குள்ளேயே எங்கோ ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. தகடுகளுக்கு நடுவே இருக்கும் தடுப்புத்தாளில் நுண்ணிய உலோகத் துகள் சிக்கியிருக்கலாம், உள்ளே வேறு ஏதோ குறை இருக்கலாம். வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒழுகுவது உண்மைதானா என்பதை உறுதிசெய்ய முடியும். அதற்குத்தான் பதினான்கு நாள் சோதனை.

சந்தேகமான செல்லையும் நன்றாக இருக்கும் ஒரு செல்லையும் 3.70க்கு ஏற்றுங்கள். சார்ஜரிலிருந்து எடுத்து மூன்று நாள் தொடாமல் விடுங்கள். ஏற்றிய பிறகு வோல்ட் தானாகக் கொஞ்சம் தளரும், அந்தத் தளர்ச்சியை ஒழுகலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூன்றாம் நாள் மூன்று தசமத்தோடு குறித்துக்கொண்டு, பதினான்கு நாள் கழித்து அதே மீட்டரில், அதே நேரத்தில், முடிந்தால் அதே அறை வெப்பத்தில் மறுபடி பாருங்கள். என் நல்ல செல் 1 மில்லிவோல்ட் இறங்கியது. சந்தேக செல் 13 இறங்கியது. மேலே போட்ட கணக்கும் இதையேதான் சொல்கிறது: நாளுக்கு 3.3 எம்ஏஎச் வீதம் பதினான்கு நாளில் 46 போகும், அது இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, 12, 13 மில்லிவோல்ட். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்ததால் அந்த செல்லுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். டார்ச்சுக்குக்கூட வேண்டாம். உள்ளே ஒழுகல் இருக்கும் செல்லை மறுபடி மறுபடி முழுக்க ஏற்றுவது எனக்குப் பிடிக்காது.

அடுத்து 3.61. இதுவும் அதே மாதிரி, கொஞ்சம் மெதுவாக ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். 80 மில்லிவோல்ட் குறைவு. ஆனால் பதினான்கு நாள் சோதனையில் நல்ல செல்லைப் போலவே 1 மில்லிவோல்ட்தான் இறங்கியது. அப்படியென்றால் ஒன்பது மாதம் முன்பு எழுதிய 3.69தான் தப்பு. நோட்டைப் புரட்டியபோது விளங்கியது. மற்ற பதினொன்றையும் மறுநாள் காலையில் மீட்டரில் அளந்து எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே சார்ஜர் திரையில் தெரிந்த எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு எடுத்திருக்கிறேன். ஒரு ஆம்பியர் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது, செல்லின் உள்தடை 50 மில்லி ஓம் என்றால் அதற்கே 50 மில்லிவோல்ட் கூடுதலாகத் தெரியும். மீதி 30இல் பத்து, எடுத்த பிறகு தளர்ந்துபோயிருக்கும்; இருபது மற்ற செல்களைப் போலவே ஒன்பது மாதத்தில் இறங்கியது. ஆக அந்த செல் முதல் நாளே முப்பது சதவீதத்தில்தான் தூங்கப்போயிருக்கிறது. அதன் கொள்ளளவும் 2490தான் வந்தது.

வைக்கும் நாளில் எழுதும் எண் ஓய்வெடுத்த வோல்ட்டாக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு. இல்லாவிட்டால் ஒன்பது மாதம் கழித்து நீங்களும் என்னைப் போல நிரபராதியைக் கூண்டில் ஏற்றுவீர்கள்.

அறிகுறி: மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது

முதலில் செல்லின் நீளத்தைப் பாருங்கள். வெறும் 18650 என்றால் 65 மில்லிமீட்டர். 68, 70 என்று நீண்டிருந்தால், உறைக்கடியில் ஒரு மெல்லிய பட்டை மேலிருந்து கீழ் வரை ஓடுவது தெரிந்தால், அடியில் பாதுகாப்பு போர்டு ஒட்டப்பட்ட செல் அது. அந்த போர்டு எப்போதும் சில மைக்ரோ ஆம்பியர் தின்றுகொண்டிருக்கும். செல் ஏறத்தாழ 2.4, 2.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் கதவைச் சாத்திவிடும். வெளியே பூஜ்யம் தெரிந்தாலும் உள்ளே செல் உயிரோடு இருக்கலாம். ஒழுங்கான சார்ஜரில் வைத்தால் கதவு திறக்கும். திறந்த உடனே தெரியும் எண் 2.4க்கு மேல் இருந்தால், 100, 200 மில்லி ஆம்பியரில் மெதுவாக 3.0 வரை ஏற்றி, கையால் தொட்டு சூடு இல்லை என்று பார்த்து, பிறகு வழக்கம்போல் ஏற்றலாம். அதன் பிறகும் பதினான்கு நாள் சோதனை கட்டாயம்.

போர்டு இல்லாத செல் பூஜ்யமோ ஒரு வோல்ட்டோ காட்டினால் விஷயம் வேறு. கிராஃபைட் பூசப்பட்டிருப்பது செப்புத் தகட்டின் மேல். செல் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால் அந்தச் செம்பு திரவத்தில் கரைய ஆரம்பிக்கும். அப்போதும் ஒன்றும் ஆகாது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போதுதான் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, தடுப்புத்தாளைத் தாண்டி எதிர்ப்பக்கத்தைத் தொடும் அளவுக்கு வளரலாம். இதில் கொடுமை என்னவென்றால் அந்த செல் சார்ஜ் ஏறும், லைட்டும் எரியும், "உயிர் கொடுத்துட்டேன்" என்று வீடியோவும் போடலாம். ஷார்ட் ஆவது எந்த இரவில் என்று மட்டும் தெரியாது. என் வழக்கம்: எத்தனை நாள் அப்படிக் கிடந்தது என்று தெரியாமல் 2.0க்குக் கீழே இருந்தால் போய்விட்டது. 1.5க்குக் கீழே என்றால் விவாதமே கிடையாது. நிறைந்த செல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து வயரால் இணைத்து எழுப்பும் வித்தையைச் செய்யவே வேண்டாம். அங்கே ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை.

தூக்கிப்போட வேண்டியவற்றை வீட்டுக் குப்பையில் சேர்க்காதீர்கள். குப்பை வண்டி அமுக்கும்போது அது நசுங்கும். இரு முனையிலும் டேப் ஒட்டி இ-கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது.

அறிகுறி: தனி செல் நன்றாக இருக்கிறது, பேக் மட்டும் இறந்துபோகிறது

செல்களைப் பேக்காகக் கட்டி வைத்தால் கூடவே அவற்றைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். போர்டும் விழித்திருக்கும். போர்டுக்குப் போர்டு மாறும். 50 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
50 µA × 24 × 30 = 36,000 µAh = 36 mAh
```

மாதம் 36. ஒரு செல் அகலத்தில் கட்டிய 2000 எம்ஏஎச் பேக்கைப் பத்து சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்தால், மிச்சமிருக்கும் 200 ஐந்தரை மாதத்தில் காலி. நாற்பது சதவீதத்தில் வைத்தால் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். புளூடூத் உள்ள போர்டு என்றால் இதைவிட மோசம். டிரில்லிங் மெஷினிலோ எமர்ஜென்சி லைட்டிலோ பேக்கை மாட்டியபடியே வைத்தால் அந்தக் கருவியும் தன் பங்குக்கு உறிஞ்சும். கழற்றித்தான் வைக்க வேண்டும்.

பேக்கின் மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பதும் போதாது. மூன்று செல் பேக் ஒன்று 10.2 காட்டியது. கொஞ்சம் குறைவு, ஏற்றினால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். தனித்தனியாக அளந்தபோது 3.72, 3.71, 2.77. பேக்கை அப்படியே ஏற்றினால் மேல் இரண்டும் நிறைந்ததும் போர்டு நிறுத்திவிடும், மூன்றாவது பட்டினியாகவே கிடக்கும். அந்த ஒன்றை மட்டும் அதன் முனைகளில் தனியாக, குறைந்த மின்னோட்டத்தில் 3.7க்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். சில போர்டுகள் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை எதிர்முனைக்கு அருகில் இருக்கும் முதல் செல்லிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும். இறங்குவது எப்போதும் அந்த முதல் செல்தான் என்றால் போர்டைச் சந்தேகியுங்கள். நடுவிலோ கடைசியிலோ இருக்கும் செல் என்றால் செல்லைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: இரும்பு பாஸ்பேட் செல் 3.3 காட்டுகிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை

தெரியாது. அதன் வோல்ட் வளைகோடு நடுவில் மேஜைப்பலகை மாதிரி தட்டை. முப்பது சதவீதமும் அறுபது சதவீதமும் சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசத்தில் இருக்கும். மேலே சொன்ன 3.69 கணக்கை இதற்குப் பொருத்தப் பார்த்தால் அதன் உச்சமான 3.65ஐயே தாண்டிவிடுவீர்கள். இதற்கு எண்ணித்தான் வைக்க வேண்டும். 3.65 வரை முழுக்க ஏற்றி, கொள்ளளவில் பாதியை அளந்து வெளியே எடுத்துவிட்டு வையுங்கள். மாதங்கள் கழித்து ஓய்வு வோல்ட் 3.2க்குக் கீழே தெரிந்தால் பெட்டியின் அடி தட்டுகிறது என்று பொருள், உடனே கொஞ்சம் ஏற்றுங்கள்.

அறிகுறி: ஃபிரிட்ஜில் வைத்த செல்லில் துரு

குளிர் நல்லதுதான், ஈரம் நல்லதல்ல. குளிர்ந்த செல்லை வெளியே எடுத்த உடனே டப்பாவைத் திறந்தால், மழைக்காலத்தில் கண்ணாடி டம்ளர் வியர்ப்பது போல அதுவும் வியர்க்கும். துரு அடிப்பாகத்தில் மட்டும் பரவலாக இருந்தால் அது பெரும்பாலும் இந்த வியர்வை. நேர்முனைத் தொப்பியின் துளைகளைச் சுற்றி மட்டும் இருந்தால் கசிவைச் சந்தேகியுங்கள்.

ஃபிரிட்ஜில்தான் வைப்பேன் என்றால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். எடுத்த பிறகு மூடியைத் திறக்காமல் அரை நாள் வெளியே விடுங்கள். ஃப்ரீசர் வேண்டாம். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த செல்லை ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். என்னைக் கேட்டால், நாற்பது சதவீதத்தில் வைக்கப் பழகியவருக்கு ஃபிரிட்ஜ் அவ்வளவு அவசியமில்லை. வீட்டில் மிகக் குளிர்ந்த இடம் எது என்று சித்திரை மதியம் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். என் வீட்டில் பரண் 41 காட்டிய அன்று பீரோ அடித்தட்டு 32.

மறுபடி தூங்க வைக்கும் முன்

ஹாபி சார்ஜர் இருந்தால் அதில் STORAGE என்ற தேர்வு இருக்கும். LiIo என்று வைத்தால் பல சார்ஜர்கள் 3.75இல் நிறுத்தும், LiPo என்றால் 3.85இல். தட்டையான பை செல்லுக்கு இரண்டாவது வழக்கம், உருளை செல்லுக்கு முதலாவது. கொஞ்சம் மேலேதான் நிற்கிறது, ஆனாலும் பரவாயில்லை.

சாதாரண சார்ஜர்தான் என்றால் கடிகாரம் போதும். செல்லை 3.0 வரை இறக்கி, ஒரு ஆம்பியரில் சரியாக ஒரு மணி நேரம் ஏற்றுங்கள். 2600க்கு 1000, முப்பத்தெட்டு சதவீதம். ஓர் இரவு விட்டு அளந்தால் 3.65க்கும் 3.70க்கும் நடுவே நிற்கும். அந்த எண்ணையும் தேதியையும் செல்லின் மேல் எழுதி, ஒன்றையொன்று தொடாத பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்குங்கள். சாவி, சில்லறை, ஸ்குரூ கிடக்கும் மேஜை டிராயர் ஆகாது. சார்ஜரிலேயே சொருகி வைத்துவிட்டுப் போவதும் ஆகாது; மின்சாரம் இல்லாத சார்ஜர் சில சமயம் செல்லிலிருந்தே மெல்ல உறிஞ்சும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் போதும். 3.5க்கு மேல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். மாதாமாதம் "ஃபுல் சார்ஜ் போட்டு வைக்கணும்" என்று பழைய ஈய-அமில பேட்டரிக்காரர்கள் சொல்வது அந்த பேட்டரிக்குச் சரி, இதற்கு நேரெதிர்.

இந்த ஐப்பசியில் அண்ணன் மகன் புதிதாக எட்டு செல்கள் வாங்கியிருக்கிறான். எட்டிலும் மார்க்கரில் 3.68 என்று எழுதி என் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனான். கரண்ட் போனால் எடுக்க இரண்டை மட்டும் முழுக்க ஏற்றி டார்ச்சுக்குள் வைத்திருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த இரண்டையும் மாற்றிப் போடுவதாக ஏற்பாடு.